விடை −395 என்று வந்தால்: வெட்டு மெசின் வினாவில் கழிவிடும் காலப் பிழைகள்

மகள், வெட்டு மெசின் வினாவுக்கு நீங்கள் எழுதிய தேறிய நிகழ்காலப் பெறுமதி −395.2. வர வேண்டியது +279. பெருக்கலிலும் கூட்டலிலும் ஒரு பிழையும் இல்லை. காசுப் பாய்ச்சல்களையும் வினாவிலிருந்து சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். எந்தக் காசு எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதற்கு நீங்கள் போட்ட இலக்கத்தில்தான் பிழை. அதனால் "வாங்கலாம்" என்று முடிய வேண்டிய விடை "வாங்கக் கூடாது" என்று முடிந்துவிட்டது.

இதே வினாவுக்கு வகுப்பில் 921 என்றும் 1,031 என்றும் விடைகள் வந்திருக்கின்றன. எக்செல்லில் செய்தவருக்கு 248. இவையும் காலப் பிழைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் நடந்தவை. சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் தவறியது என்று சொல்லிவிடலாம். ஆகவே உங்களுடையதை விரிவாக எழுதி, மற்றவற்றையும் விடையை வைத்தே கண்டுபிடிக்கும்படி சேர்த்திருக்கிறேன்.

வினாவும் சரியான செய்கையும்

படுவான்கரையைச் சேர்ந்த ஒருவர் 2025 ஜனவரி 1 அன்று ரூ. 60 இலட்சத்துக்கு நெல் அறுவடை செய்யும் ஒரு வெட்டு மெசின் வாங்க யோசிக்கிறார். ஏக்கர் கூலியில் டீசல், ஓட்டுநர் சம்பளம், பழுதுபார்ப்பு எல்லாம் போக 2025 இல் ரூ. 18 இலட்சம், 2026 இலும் 2027 இலும் 20 இலட்சம் வீதம், 2028 இல் 16 இலட்சம் மிஞ்சும். 2028 டிசம்பர் 31 அன்று மெசினை 10 இலட்சத்துக்கு விற்கலாம். கழிவீட்டு வீதம் 12%. ஆண்டுக் காசுப் பாய்ச்சல்கள் ஆண்டு முடிவில் கிடைப்பதாகக் கொள்க.

தொகைகள் ஆயிரம் ரூபாயில்:

| காலப் புள்ளி | நாள் | காசுப் பாய்ச்சல் | காரணி 12% | நிகழ்காலப் பெறுமதி |
|---|---|---|---|---|
| 0 | 2025.01.01 | (6,000) | 1.000 | (6,000.0) |
| 1 | 2025.12.31 | 1,800 | 0.893 | 1,607.4 |
| 2 | 2026.12.31 | 2,000 | 0.797 | 1,594.0 |
| 3 | 2027.12.31 | 2,000 | 0.712 | 1,424.0 |
| 4 | 2028.12.31 | 1,600 + 1,000 | 0.636 | 1,653.6 |
| | | | | +279.0 |

முதல் நிரலுக்கு "ஆண்டு" என்று தலைப்புப் போடாமல் "காலப் புள்ளி" என்று போட்டதைக் கவனியுங்கள். ஆண்டு என்றால் அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. கழிவீட்டுக் காரணிக்கோ ஒரே ஒரு நாள்தான் தெரியும். 0.893 என்பது 1 ஐ 1.12 ஆல் ஒருமுறை வகுத்தது. அதாவது, இன்றிலிருந்து சரியாக 12 மாதம் கழித்துக் கைக்கு வரும் ஒரு ரூபாயின் இன்றைய பெறுமதி. "2025 ஆம் ஆண்டு" என்று மட்டும் எழுதினால், அது ஜனவரி 1 ஆ டிசம்பர் 31 ஆ என்ற கேள்வி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். பிழை நுழைவது அங்கேதான்.

அறிகுறி: விடை −395, தாளில் 0.893 எங்குமே இல்லை

இது உங்களுடையது. உங்கள் அட்டவணையின் இடது பக்கத்தில் 1 முதல் 5 வரை இலக்கம் போட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் 6,000. இரண்டாம் வரியில் 2025 இன் 1,800. ஐந்தாம் வரியில் 2028 இன் 2,600. இது வரிகளை எண்ணிய தொடர் இலக்கம். அப்படி எண்ணுவதில் குற்றம் இல்லை. ஆனால் காரணி எடுக்கும்போது அதே இலக்கத்தை ஆண்டாக நினைத்து, இரண்டாம் வரிக்கு இரண்டாம் ஆண்டுக் காரணியான 0.797, மூன்றாம் வரிக்கு 0.712 என்று இறங்கிப் போய்விட்டீர்கள். 6,000 மட்டும் தப்பியது, ஏனென்றால் "இன்றைய காசைக் கழிவிடக் கூடாது" என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு 1.000 போட்டுவிட்டீர்கள்.

உங்கள் தாளில் உள்ள கணக்கு இது:

1,800 × 0.797 = 1,434.6
2,000 × 0.712 = 1,424.0
2,000 × 0.636 = 1,272.0
2,600 × 0.567 = 1,474.2

கூட்டினால் 5,604.8. அதிலிருந்து 6,000 ஐக் கழித்தால் −395.2.

உட்பாய்ச்சல்கள் நான்கும் உண்மையான நாளிலிருந்து ஒரு வருடம் பின்னால் தள்ளப்பட்டிருக்கின்றன. ஒரு வருடம் தள்ளினால் ஒவ்வொரு தொகையும் இன்னொரு முறை 1.12 ஆல் வகுபடும். எனவே மொத்தமும் 1.12 ஆல் வகுபடும். சரியான மொத்தம் 6,279. அதை 1.12 ஆல் வகுத்தால் 5,606. உங்களுடையது 5,604.8. இடையில் இருக்கும் ஒன்றரை அளவான வித்தியாசம், அட்டவணைக் காரணிகள் மூன்று தசம தானத்தில் நிற்பதால் வருவது.

கழிவிடாத தொகைகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் 8,400 இலிருந்து 6,000 போக 2,400. உங்கள் தாளிலும் 2,400, சரியான தாளிலும் 2,400. காசு எந்தக் காலத்தில் வருகிறது என்பது இந்தக் கூட்டலுக்குத் தெரியாது, ஆகவே இதைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. காலப் பிழை காரணி நிரலில் மட்டும்தான் தெரியும்.

அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. 12% வினாவில், முதல் உட்பாய்ச்சல் முதல் வருட முடிவில் வருகிறதென்றால், 0.893 கட்டாயம் ஒருமுறை வந்தாக வேண்டும். உங்கள் தாளில் அது இல்லை. அடுத்து, கடைசிக் காரணி. மெசின் பாவிப்பது 4 வருடம். எல்லாக் காசும் 2028 டிசம்பர் 31 உடன் முடிகிறது. அப்படியிருக்க ஐந்தாம் ஆண்டுக் காரணியான 0.567 உங்கள் தாளில் எப்படி வந்தது? வினாத்தாளில் தரும் காரணி அட்டவணையில் தேவைக்கு மேலாக ஓரிரு ஆண்டுகள் இருப்பது வழக்கம். "தந்திருக்கிறார்கள், அப்போ பாவிக்கத்தான் வேண்டும்" என்று நினைக்காதீர்கள்.

திருத்துவதற்குப் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. தொடர் இலக்க நிரலை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் காசு கைமாறும் நாளை எழுதுங்கள், 2025.01.01 என்று முழுதாக. பிறகு அந்த நாள் 2025.01.01 இலிருந்து எத்தனை முழு வருடம் தள்ளி என்று எண்ணி, அந்த இலக்கத்துக்குரிய காரணியை எடுங்கள். 2025.12.31 ஒரு வருடம் தள்ளி, எனவே 1. 2028.12.31 நான்கு வருடம் தள்ளி, எனவே 4. இரண்டு நிமிட வேலைதான்.

அறிகுறி: விடை 921

சரியான விடையைவிட 642 கூட. 642 எங்கிருந்து வருகிறது? 6,000 × 0.107. அந்த 0.107 என்பது 1 இலிருந்து 0.893 ஐக் கழித்த மிச்சம். ஆகவே உட்பாய்ச்சல்கள் எல்லாம் சரி. மெசினின் விலையை மட்டும் ஒரு வருடம் கழிவிட்டு 5,358 ஆக எழுதியிருக்கிறார்கள்.

காரணம், அந்தத் திகதி. ஜனவரி 1 உம் 2025 தான், முதல் வருட வருமானமும் 2025 தான் என்பதால் இரண்டையும் ஒரே "2025" நிரலில் போட்டு, இரண்டுக்கும் 0.893 கொடுத்திருக்கிறார்கள். மெசினை 2024 டிசம்பர் 31 அன்று வாங்குவதாக வினா சொல்லியிருந்தால் இவர்களில் யாருமே பிழை விட்டிருக்க மாட்டார்கள். கழிவிடலைப் பொறுத்தவரை 2024 டிசம்பர் 31 உம் 2025 ஜனவரி 1 உம் ஒரே புள்ளி. கலண்டரில் தாள் மாறியதற்காகக் காசு ஒரு வருடம் தள்ளிப் போவதில்லை.

ஆனால் விலையைக் கழிவிடவே கூடாது என்று இதை மனனம் செய்துகொள்ள வேண்டாம். வாங்கும்போது பாதி, ஒரு வருடத்தின் பின் பாதி என்று விற்பவர் தவணை கொடுத்தால், பின் பாதிக்கு 0.893 போடத்தான் வேண்டும். 3,000 அப்படியே, மற்ற 3,000 க்கு 2,679. அப்போது தேறிய நிகழ்காலப் பெறுமதி 600 ஆக ஏறும், அது சரியான விடை. தீர்மானிப்பது காசு கொடுக்கும் நாள்தான். அது "ஆரம்ப முதலீடு" என்ற பெயரோடு வருவதால் மட்டும் 0 இல் நின்றுவிடாது.

அறிகுறி: விடை 1,031

இது உங்களுடையதற்கு நேர் எதிர். 2025 ஐ "ஆண்டு 0" என்று பெயரிட்டு, விலையையும் 1,800 ஐயும் அங்கேயே வைத்துவிட்டார்கள். பிறகு 2026 க்கு 0.893, 2027 க்கு 0.797, 2028 க்கு 0.712. உட்பாய்ச்சல்கள் ஒரு வருடம் முன்னால் இழுக்கப்பட்டதால் மொத்தம் 1.12 மடங்காகி 7,031.2 ஆகிவிட்டது. கண்டுபிடிக்கச் சுலபம்: 1,800 க்குக் காரணி 1.000. இன்னும் ஒரு ஏக்கர்கூட வெட்டாத மெசின் வாங்கிய அன்றைக்கே 18 இலட்சம் கொடுத்ததாக அந்த வரி சொல்கிறது.

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பிழைதான். தீர்மானம் "வாங்கலாம்" என்றே வருவதால் புள்ளி குறைந்ததைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாது. விலை 65 இலட்சமாக இருந்திருந்தால் சரியான விடை −221. இந்தப் பிழையோடு செய்தால் +531.

இதன் சின்ன உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார்: விடை 210. மற்ற எல்லாம் சரி, விற்கும் பணம் 1,000 க்கு மட்டும் 0.636 க்குப் பதிலாக 0.567 போட்டது. 1,000 × 0.069 = 69 குறைகிறது. "நான்கு வருடம் முடிந்த பிறகுதானே விற்கிறார், அப்போ அது ஐந்தாவது வருடம்" என்று யோசிப்பதால் வருவது. நான்காம் வருடத்தின் முடிவும் ஐந்தாம் வருடத்தின் தொடக்கமும் மேலே சொன்னதுபோல ஒரே புள்ளி.

அறிகுறி: எக்செல்லில் 248

மெசினின் விலை B2 இலும், நான்கு வருடப் பாய்ச்சல்கள் B3 முதல் B6 வரையும் இருக்கின்றன. அவர் ஐந்தையும் சேர்த்து அடைத்துவிட்டார்:

```
=NPV(12%,B2:B6)        247.71
=B2+NPV(12%,B3:B6)     277.44
```

தேறிய நிகழ்காலப் பெறுமதி காணும் எக்செல்லின் NPV, அடைப்புக்குள் வரும் முதல் தொகையை ஒரு காலம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு 0 ஆம் புள்ளி என்று ஒன்று இல்லை. ஆகவே விலையும் ஒரு வருடம் கழிவிடப்படுகிறது, 2025 இன் வருமானம் இரண்டு வருடம் கழிவிடப்படுகிறது, அப்படியே எல்லாம் ஒரு படி பின்னால் போகின்றன. விடை சரியாக 1.12 ஆல் வகுபட்டு வருகிறது. 247.71 ஐ 1.12 ஆல் பெருக்கிப் பாருங்கள், 277.44 கிடைக்கும். எல்லாத் தொகையும் ஒன்றாக நகர்ந்ததால் குறி மாறாது. நேரானது நேராகவே இருக்கும், மறையானது மறையாகவே இருக்கும். இந்தப் பிழை நீண்ட காலம் பிடிபடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் பிழையில் விலை நின்ற இடத்தில் நிற்க உட்பாய்ச்சல்கள் மட்டும் நகர்ந்தன, அதனால்தான் குறியே மாறியது.

கையால் செய்தால் 279, கணினியில் 277.44 என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கணினி 0.893 என்று வெட்டாமல் 0.892857… என்று முழுதாகப் பாவிக்கிறது. பரீட்சையில் தரப்பட்ட காரணியையே பாவித்து 279 என்று எழுதுங்கள்.

எக்செல்லில் இன்னொரு பொறி உண்டு. மெசின் பழுதாகி 2026 இல் வருமானமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கலத்தை வெறுமையாக விட்டால், NPV அதைப் பூச்சியமாக எடுக்காது. அப்படி ஒரு வருடமே இல்லாததுபோல் தாண்டிப்போய், 2027 இன் காசை இரண்டாம் வருடத்துக்கும் 2028 இன் காசை மூன்றாம் வருடத்துக்கும் இழுத்துவிடும். எங்கள் இலக்கங்களில் உட்பாய்ச்சல்களின் நிகழ்காலப் பெறுமதி 4,683 ஆக வர வேண்டியது 5,052 ஆக வரும். வருமானம் இல்லாத வருடத்துக்கு 0 என்று தட்டச்சுச் செய்தே ஆக வேண்டும்.

கணினியில் செய்பவர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு சோதனை:

```
=IRR(B2:B6)
```

IRR என்பது தேறிய நிகழ்காலப் பெறுமதி பூச்சியமாகும் கழிவீட்டு வீதம். அதற்கு விலையோடு சேர்த்து எல்லாவற்றையும் கொடுக்கலாம். இங்கே 14 வீதத்துக்குச் சற்று மேல் வரும். முதலில் ஒரு வெளிப்பாய்ச்சல், பிறகு உட்பாய்ச்சல்கள் மட்டும் என்ற இப்படியான வினாவில், அது 12 ஐவிடக் கூட என்றால் 12% இல் தேறிய நிகழ்காலப் பெறுமதி நேராகத்தான் இருக்க வேண்டும். ஒரே தாளில் IRR 14 உம் NPV மறையுமாக இருந்தால், NPV இல் உட்பாய்ச்சல்கள் மட்டும் தனியாக நகர்ந்திருக்கின்றன. விடை நேராகவே வரும் 248, 921, 1,031, 210 ஆகிய பிழைகளை இந்தச் சோதனை பிடிக்காது.

சம தொகைகள் வரும்போது: ஆண்டுத்தொகைக் காரணி

வருடா வருடம் ஒரே தொகை என்றால் நான்கு வரிகளுக்குப் பதில் ஒரு வரியில் முடிக்கலாம். 12% இல் 4 வருட ஆண்டுத்தொகைக் காரணி 3.037. ஆனால் இந்த 3.037 க்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: முதல் தொகை ஒரு வருடம் கழித்து வர வேண்டும்.

மெசின் நிறுத்தும் கொட்டகைக்கு வருட வாடகை 100, ஒவ்வொரு வருடமும் தொடக்கத்தில் கட்ட வேண்டும் என்று வினா சொன்னால், முதல் 100 இன்றைக்கே போகிறது. மிச்சம் மூன்று தவணைகள் 1, 2, 3 ஆம் புள்ளிகளில். ஆகவே 1 + 2.402 = 3.402, செலவின் நிகழ்காலப் பெறுமதி 340.2. நேராக 3.037 ஐப் பாவித்தவருக்கு 303.7 வரும். வாடகை, குத்தகை, காப்புறுதி ஆகிய மூன்றும் பெரும்பாலும் முன்கூட்டியே கட்டுபவை. இந்தச் சொற்களைக் கண்டால் "தொடக்கத்திலா, முடிவிலா" என்று வினாவை இன்னொருமுறை வாசியுங்கள்.

பிந்தித் தொடங்கும் வருமானத்தில் வேறு விதமாகத் தவறும். வாகரைப் பக்கத்தில் ஒருவர் கஜுக் கன்று வைக்கிறார் என்று கொள்வோம். மூன்றாம் வருட முடிவிலிருந்து ஆறாம் வருட முடிவு வரை வருடம் 200 வீதம் வருமானம். நான்கு தொகைகள், எனவே 200 × 3.037 = 607.4 என்று எல்லோரும் சரியாக எழுதுவார்கள். அந்த 607.4 எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதில்தான் தவறு நடக்கும். ஆண்டுத்தொகைக் காரணி, முதல் தொகை வருவதற்கு ஒரு வருடம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். முதல் தொகை 3 இல், எனவே 607.4 நிற்பது 2 இல். அதை இன்றைக்குக் கொண்டுவர 0.797 ஆல் பெருக்க வேண்டும், விடை 484.1. "மூன்றாம் வருடத்தில்தானே தொடங்குகிறது" என்று 0.712 ஆல் பெருக்கினால் 432.5. சந்தேகம் வந்தால் வேறு வழியாகப் பாருங்கள்: 6 வருடக் காரணி 4.111 இலிருந்து 2 வருடக் காரணி 1.690 ஐக் கழித்தால் 2.421. இதை 200 ஆல் பெருக்கினால் 484.2. இரண்டு வழியும் பொருந்தினால் புள்ளி சரி.

"ஆண்டு முடிவில்" என்று வினா சொல்லாவிட்டால்

நீங்கள் தாளின் ஓரத்தில் கேட்டிருந்த கேள்வி நல்ல கேள்வி: மெசின் டிசம்பர் 31 அன்றா கூலி வாங்குகிறது? இல்லைதான். எங்கள் பக்கத்தில் பெரும்போக வெட்டு ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை போகும். சிறுபோக வெட்டு ஆகஸ்ட், செப்டெம்பரில். அதுவும் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் தண்ணீர் பாயும் வயல்களில்தான் சிறுபோகம் என்பதால், இரண்டாவது தவணை முதலாவதைவிடச் சிறியது. ஆண்டு முடிவு என்பது கணக்குச் சுலபத்துக்காக வைத்துக்கொள்ளும் எடுகோள். வினா வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதையே பாவித்து, "காசுப் பாய்ச்சல்கள் ஆண்டு முடிவில் நிகழ்வதாக எடுகோள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்த எடுகோள் எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்க முதல் வருடம் மட்டும் போதும். 1,800 இல் 1,100 மார்ச் கடைசியில் வருகிறது, 700 செப்டெம்பர் கடைசியில் வருகிறது என்று வைத்தால், முதலாவது கால் வருடம் தள்ளி, இரண்டாவது முக்கால் வருடம் தள்ளி. கழிவிடும்போது அடுக்கு 1 க்குப் பதிலாக 0.25 உம் 0.75 உம் வரும்:

```
1100/1.12^0.25 = 1069.3
700/1.12^0.75  = 643.0
```

கூட்டினால் 1,712.3. ஆண்டு முடிவு என்று எடுத்தபோது 1,607.4. முதல் வருடத்தில் மட்டுமே ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபா வித்தியாசம். எங்கள் வினாவில் முழு விடையே 279 என்பதை நினைத்தால் இது சின்னத் தொகை இல்லை. ஆகவே உண்மையாக மெசின் வாங்கும் ஒருவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதென்றால் நாளைப் போட்டுத்தான் செய்ய வேண்டும். எக்செல்லில் அதற்கு XNPV இருக்கிறது. A நிரலில் திகதி, B நிரலில் தொகை. இது NPV போல இல்லாமல் முதல் தொகையைக் கழிவிடாது, ஆகவே விலையையும் உள்ளே சேர்த்துக் கொடுக்க வேண்டும்:

```
=XNPV(12%,B2:B11,A2:A11)
```

அதில் எழுத வேண்டியது வெட்டிய நாள் அல்ல, கூலி கையில் கிடைத்த நாள். நெல்லை விற்ற பிறகு தருகிறேன் என்று கூலியைக் கடன் வைக்கும் போடியார்கள் இருந்தால், பெப்ரவரியில் வெட்டியதற்கு ஏப்ரலில் காசு வரும். திகதி ஏப்ரல் தான்.

அரையாண்டுக்கு ஒருமுறை காசு வருவதாக வினா தந்தால் இன்னொரு இடத்தில் வழுக்கும். வருடத்துக்கு 12% என்றால் ஆறு மாதத்துக்கு 6% என்று பாதியாக்கிவிடுவார்கள். 6% ஐ வட்டிக்கு வட்டியாக இரண்டு முறை சேர்த்தால் 1.06 × 1.06 = 1.1236, அதாவது வருடத்துக்கு 12.36%. வருடம் முழுவதற்கும் 12% தான் வர வேண்டுமென்றால் அரையாண்டு வீதம் 1.12 இன் வர்க்கமூலத்திலிருந்து 1 ஐக் கழித்தது, ஏறத்தாழ 5.83%. "அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டப்படும் 12%" என்று வினாவிலேயே எழுதியிருந்தால் மட்டும் 6% சரி. இரண்டில் எதைப் பாவித்தாலும், காலப் புள்ளிகளை அரையாண்டு அரையாண்டாக எண்ண வேண்டும். நான்கு வருடத்துக்கு 0 முதல் 8 வரை புள்ளிகள் வரும், மெசினை விற்ற காசு 8 இல் நிற்கும்.